மௌத்துச் செய்தி: குழுவுக்கு முன் குடும்பம்

 

நம் மஹல்லாக்களில் ஒரு மௌத்து நிகழ்ந்தால், அச்செய்தி முன்பெல்லாம் ஒரு வாசலைக் கடந்தே ஊருக்குள் வரும். வீட்டார் ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அனுப்புவார்கள். அவர் முத்தவல்லியிடமோ மோதினாரிடமோ விவரத்தைச் சொல்வார். அதன் பிறகே ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒலிக்கும். பள்ளியின் கரும்பலகையில் பெயர் எழுதப்படும். வீட்டார் ஆளனுப்பும் வரை பள்ளி வாய் திறக்காது. இதை எவரும் விதியாக எழுதி வைக்கவில்லை. ஆயினும், ஊர் அறியும் நேரத்தில் வீடு முன்பே அறிந்திருக்கும் என்பதற்கு அந்த வழக்கமே காவலாக இருந்தது.

வாட்ஸ்அப் குழுக்கள் அந்த வாசலை இல்லாமல் ஆக்கிவிட்டன. இன்று மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் எவரும் முத்தவல்லியாகவும் மோதினாராகவும் ஆகிவிட முடிகிறது. தெருக் குழு, மஹல்லாக் குழு, வெளிநாடுவாழ் ஊரார் குழு என்று ஒரே செய்தி சில நிமிடங்களில் பரவுகிறது. இறந்தவரின் மனைவியும் மக்களும் அதே குழுக்களில்தான் இருக்கிறார்கள் என்பது பதிவிடுபவரின் நினைவுக்கு வருவதில்லை. தந்தை மௌத்தாகிவிட்டார் என்பதை, முன்பின் அறியாத ஓர் எண்ணிலிருந்து வந்த "இன்னா லில்லாஹி" மூலம் ஒரு மகள் அறிந்துகொள்ள நேர்கிறது.

மௌத்தை அறிவிக்கவே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறிவிப்புக்கு ஒரு வரிசை உண்டு. இழந்துபோன அந்த வாசலை நம் குழுக்களில் மீண்டும் கட்டிக்கொள்ள முடியும் என்பதே என் கருத்து.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

ஒருவரின் மரணத்தை அறிவிப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்த அன்றே நபி (ஸல்) அவர்கள் அச்செய்தியைத் தோழர்களுக்கு அறிவித்து, அவர்களை அணிவகுக்கச் செய்து நான்கு தக்பீர்களுடன் ஜனாஸாத் தொழுகை நடத்தியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பள்ளிவாசலைப் பெருக்கிவந்தவர் இறந்து, தமக்குத் தெரிவிக்கப்படாமலேயே அடக்கப்பட்டபோது, ஏன் தமக்கு அறிவிக்கவில்லை என்று அவர்கள் கேட்டதும் நாம் அறிந்ததே. அறியாமைக் காலத்தவர் பெருமை பேசியும் ஓலமிட்டும் மரணத்தைப் பறைசாற்றியதையே நபியவர்கள் தடுத்தார்கள். தொழுகைக்கும் துஆவுக்கும் மக்களைத் திரட்டுவதற்காக அறிவிப்பது வேறு என்று மார்க்க அறிஞர்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியுள்ளனர்.

ஆகவே கேள்வி, அறிவிக்கலாமா என்பதன்று. யார், யாருக்கு, எப்போது அறிவிப்பது என்பதே கேள்வி. இதற்கு உம்மு சுலைம் (ரலி) அவர்களின் செயலைவிடத் தெளிவான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய கணவர் அபூதல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்தபோது நோயுற்றிருந்த மகன் இறந்துவிட்டான். தாம் நேரில் சொல்லும் வரை மகனைப் பற்றி எவரும் கணவரிடம் சொல்லக்கூடாது என்று உம்மு சுலைம் வீட்டாரிடம் கண்டிப்பாகக் கூறிவிட்டார்கள். கணவர் வந்து உணவருந்தி இளைப்பாறிய பிறகு, இரவல் கொடுத்தவர் தம் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்ற கேள்வியுடன் மெல்லத் தொடங்கி, செய்தியைத் தாமே சொன்னார்கள். முஸ்லிம் நூலில் இச்சம்பவம் விரிவாக இடம்பெற்றுள்ளது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, செய்தியைச் சொல்லும் உரிமை நெருங்கிய உறவுக்கே உரியது. மற்றவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, சொல்லும் நேரத்தையும் சொல்லையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பொய் கூடாது. மகன் எப்படி இருக்கிறான் என்று கணவர் கேட்டபோது, முன்பைவிட அமைதியாக இருப்பதாகவே அவர்கள் விடையளித்தார்கள். மூன்றாவது, தாமதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தம்மிடம் இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்துவிட்டாயே என்று அபூதல்ஹா மனம் வருந்தினார். நபியவர்கள் அத்தம்பதியருக்காக பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள் என்றாலும், அந்த வருத்தத்தை ஹதீஸ் மறைக்கவில்லை.

மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, நபியவர்கள் அவருடைய வீட்டுக்குத் தாமே சென்றார்கள். பிள்ளைகளை வரவழைத்து அணைத்துக்கொண்டார்கள், கண்ணீர் பெருகியது. அதைக் கண்டே மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி), ஜஃபரைப் பற்றி ஏதேனும் செய்தி வந்ததா என்று கேட்டார்கள். மரணச் செய்தி அந்த வீட்டுக்கு ஒரு மனிதரின் முகத்தோடு வந்தது. பொறுமை என்பது முதல் அதிர்ச்சியின்போது கொள்வதே என்று நபியவர்கள் கற்பித்திருக்கிறார்கள். அந்த முதல் அதிர்ச்சியை ஒருவர் தனியறையில், கைபேசித் திரையில் எதிர்கொள்ளும்படி செய்வது, அவருடைய பொறுமையை நாமே கடினமாக்குவதாகும்.

ஒரு மௌத்தும் இரண்டு வழிகளும்

இது நடைமுறையில் எப்படி நிகழ்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடன் இருப்பவர்கள் அவருடைய மனைவியின் தம்பியும், அண்ணன் மகனும். மனைவி ஊரில் இருக்கிறார்; இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர். மகள் அடுத்த தெருவில் புகுந்த வீட்டில், எட்டு மாதக் கர்ப்பிணி. மூத்த மகன் ரியாதில், இளைய மகன் சிங்கப்பூரில். அதிகாலை 4.10 மணிக்கு மருத்துவர் மௌத்தை உறுதி செய்கிறார்.

முதல் வழி நாம் அடிக்கடி காண்பது. அண்ணன் மகன் துக்கம் தாளாமல், சாச்சா-மாமா மக்கள் இருக்கும் குடும்பக் குழுவில் 4.12 மணிக்கு ஒரு வரி எழுதுகிறார். அவர் மனத்தில் அது உறவினர்களுக்கு மட்டும் சொன்னதுதான். அங்கிருந்து ஒருவர் தெருக் குழுவுக்கு அனுப்புகிறார். இன்னொருவர் ரியாதில் உள்ள ஊரார் குழுவுக்கு அனுப்புகிறார். தஹஜ்ஜுத் தொழ எழுந்த மகள், தன் தந்தையின் பெயருக்குக் கீழே வரிசையாக "இன்னா லில்லாஹி" வருவதைக் காண்கிறாள். ரியாதில் அப்போது இரவு 1.40 மணி. உறங்கிக்கொண்டிருக்கும் மகனின் கைபேசி ஒலிக்கிறது. அழைப்பவர் ஆறுதல் சொல்லத்தான் அழைக்கிறார், மகனுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் நான்கு பேர் நான்கு இடங்களில் தனித்தனியாக இடி விழுந்தவர்போல் நிற்கிறார்கள்.

இரண்டாவது வழியில் அதே நேரம் வேறு விதமாகச் செலவாகிறது. மருத்துவர் உறுதி செய்தவுடன் மைத்துனர் தம்முடன் இருக்கும் இளைஞரிடம், எதுவும் எழுத வேண்டாம், நீ ரியாத் அண்ணனைப் பார்த்துக்கொள், மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பிறகு ஊரில் இருக்கும் தம் மனைவியை அழைக்கிறார். அக்காவை யாரும் போனில் அழைக்க வேண்டாம், நீ நேரில் போ, மகளின் மாமியாரையும் எழுப்பிச் சொல் என்கிறார். 4.35 மணிக்குள் மைத்துனரின் மனைவி விதவையின் அருகில் அமர்ந்திருக்கிறார். மகளிடம் அவளுடைய மாமியாரும் கணவரும் கைபிடித்துச் சொல்கிறார்கள்.

ரியாதில் மகனுடன் ஒரே அறையில் தங்கியிருப்பவர் அவருடைய மச்சான். இளைஞர் முதலில் அவரையே அழைத்து எழுப்பி, அருகில் போய் உட்கார்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, பிறகுதான் மகனை அழைக்கிறார். சிங்கப்பூரில் அப்போது காலை 6.40 மணி. இளைய மகன் வேலைக்குக் கிளம்பி இரயிலில் ஏறிவிட்டால், கூட்டத்தின் நடுவே திரையில் பார்க்க நேரிடும். எனவே மைத்துனர் தம் மனைவியிடம் பேசி முடித்த கையோடு, வீட்டில் இருக்கும்போதே அவரைப் பிடித்துவிடுகிறார்.

அடுத்து இரு மகன்களும் தாய்மாமனும் பேசுகிறார்கள். ரியாதில் இருப்பவர் ஊருக்கு வரவேண்டுமானால் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா பெற்றாக வேண்டும். அன்று மாலைக்குள் வர வழியில்லை. ஜனாஸாவைத் தாமதிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். சிங்கப்பூரில் இருப்பவருக்குக் காலை விமானத்தில் திருச்சிக்கு இடம் கிடைத்துவிட்டால் மாலைக்குள் ஊர் சேரலாம். மஃரிபுக்குப் பின் நல்லடக்கம் என்று முடிவாகிறது. 5.25 மணிக்கு மைத்துனர் ஜமாஅத் செயலாளரை அழைக்கிறார். ஃபஜ்ர் ஜமாஅத் முடிந்து மக்கள் எழும் வேளையில் பள்ளியில் அறிவிப்புச் சொல்லப்படுகிறது. அதே வாசகம் மஹல்லாக் குழுவிலும் வருகிறது.

ஒன்றேகால் மணி நேரம். இதனால் எவருக்கு என்ன நஷ்டம்? மருத்துவமனையில் கணக்கு முடித்து ஆம்புலன்ஸ் அப்போதுதான் புறப்பட்டிருக்கும். கபுரு தோண்டப் பகல் முழுவதும் இருக்கிறது. முதல் வழியில் பரவிய செய்தியில் இல்லாத ஒன்று இரண்டாம் வழியில் கிடைத்திருக்கிறது: நல்லடக்க நேரம். முந்திக்கொண்டு வரும் செய்திகளில் அது இருப்பதில்லை. இருந்தாலும் எவரோ ஊகித்து எழுதியதாக இருக்கும். அஸருக்கு அடக்கம் என்று ஒருவர் எழுத, மஃரிபுக்கு என்று வீட்டார் முடிவெடுக்க, வெளியூரிலிருந்து வந்தவர்கள் மையவாடியில் காத்துக் கிடப்பது இப்படித்தான் நேர்கிறது.

யாரிடம் முதலில், எவ்வாறு

மேற்கண்ட எடுத்துக்காட்டிலிருந்து வரிசையைப் பிரித்தெடுத்துச் சொல்லிவிடலாம். கணவன் அல்லது மனைவி, பெற்றோர் இருப்பின் அவர்கள், மக்கள், உடன்பிறந்தோர் ஆகிய நான்கு தரப்பும் அறியும் வரை எந்தக் குழுவிலும் ஒரு சொல்லும் வரக்கூடாது. குடும்பக் குழுவும் இதில் அடங்கும். செய்தி பெரும்பாலும் முதலில் கசிவது குடும்பக் குழுவிலிருந்துதான். நாற்பது பேர் இருக்கும் இடத்தில் சொன்னது இரகசியமாக இராது.

இந்த நான்கு தரப்பிலும் பெண்கள் விடுபடுவதை நான் கவனித்திருக்கிறேன். மகன்களுக்கெல்லாம் அழைப்புப் போய்விடும். கட்டிக்கொடுத்த மகளுக்கும் உடன்பிறந்த சகோதரிக்கும் "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று விட்டுவிடுவார்கள். எனவே பொறுப்பெடுப்பவர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, சொன்னவுடன் ஒவ்வொன்றாக அடித்துவிடுவது நல்லது. துக்கத்தில் நினைவு நம்மைக் கைவிடும், தாள் கைவிடாது.

நேரில் சொல்ல இயன்றால் நேரில் சொல்ல வேண்டும். இயலாவிட்டால் குரலில் சொல்ல வேண்டும். எழுத்தில் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். தூரத்தில் இருப்பவரை அழைக்கும் முன், அவர் அருகில் இருக்கக்கூடிய ஒருவரை அழைப்பது மிகவும் உதவும். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, உயரத்தில் நின்று வேலை செய்கிறாரா என்பதையும் அந்த ஒருவரே சொல்ல முடியும். சொல்லும்போது சுற்றி வளைக்கத் தேவையில்லை. வாப்பா நம்மை விட்டுப் போய்விட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லி, பிறகு மௌனமாக இருந்து கேட்பதே போதும்.

இங்கே ஒரு பழக்கத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம், சீரியஸாக இருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்று மட்டும் சொல்வது நம்மிடையே வழக்கம். பயணத்தில் அவர் தனியாக உடைந்துவிடக்கூடாது என்ற அக்கறைதான் காரணம். ஆனால் அது கைபேசி இல்லாத காலத்து ஏற்பாடு. இன்று அவர் விமான நிலையத்தில் அமர்ந்து, வாப்பாவுக்கு ஷிஃபா வேண்டித் துஆச் செய்துகொண்டிருக்கும்போதே குழுவில் ஜனாஸா அறிவிப்பு வந்துவிடும். பொய் சொன்னவர் தம் அண்ணன் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒருவரிடம் உண்மையை மறைக்க முடியாத காலத்தில், அதை நாமே அன்புடன் சொல்லிவிடுவதுதான் அக்கறை.

நால்வரில் ஒருவர் கிடைக்கவில்லை என்றால்? விமானத்தில் இருக்கலாம், சுரங்கத்திலோ கப்பலிலோ பணியில் இருக்கலாம். ஒரு மணி நேரம் வரை முயன்று பார்ப்பதும், உடன் பணிபுரிபவரையோ அறைத் தோழரையோ அழைத்து அவர் இறங்கியதும் அருகில் இருக்கும்படி ஏற்பாடு செய்வதும் நியாயமான எல்லை. அதற்கு மேல் காத்திருந்தால் ஊர் வேறு வழியில் அறிந்துவிடும். அப்போது அறிவிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் வீட்டார். குழு நிர்வாகி அல்லர்.

ஏற்பாடுகளுக்காகச் சிலருக்கு முன்னரே தெரியவேண்டும் என்பது உண்மை. கபுரு தோண்டுபவர், குளிப்பாட்டுபவர்கள், கஃபன் துணி வாங்கச் செல்பவர், சந்தூக் எடுத்து வருபவர் ஆகியோருக்கு நேரடியாக அழைத்துச் சொல்லலாம். குழு அதற்குத் தேவையில்லை. அழைக்கும்போது, வீட்டில் இன்னும் எல்லோருக்கும் சொல்லி முடியவில்லை, வெளியே விடாதீர்கள் என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டால் போதுமானது.

அறிவிப்பின் வாசகம்

அனுமதி கிடைத்த பிறகு, அறிவிப்பு ஒரே இடத்திலிருந்து, ஒரே வாசகமாக வரவேண்டும். நம் ஊர்களில் அப்துல் காதரும் முஹம்மது யூசுஃபும் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். பெயரை மட்டும் எழுதினால், உயிரோடு இருப்பவரின் வீட்டில் ஒப்பாரி எழும். வீட்டுப் பெயர் அல்லது ஊர் வழங்கும் பெயர், தந்தையின் பெயர், தெரு ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஆள் துலங்கும். ஒரு மாதிரி வாசகத்தைக் கீழே தருகிறேன்.

"வஃபாத் அறிவிப்பு: நம் மஹல்லா, மேலத்தெரு, (வீட்டுப் பெயர்) மர்ஹூம் இன்னார் அவர்களின் மகனும், இன்னார், இன்னார் ஆகியோரின் தகப்பனாருமாகிய ஜனாப் இன்னார் அவர்கள் இன்று அதிகாலை வஃபாத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி. அன்னாரின் ஜனாஸாத் தொழுகை இன்ஷா அல்லாஹ் இன்று மஃரிப் தொழுகைக்குப் பின் நம் பள்ளியில் நடைபெற்று, நம் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்படும். விவரங்களுக்கு: (பொறுப்பாளர் பெயரும் எண்ணும்). குடும்பத்தாரின் அனுமதியுடன், ஜமாஅத் அலுவலகம்."

கடைசி வரி மிக முக்கியமானது. அந்த வரி இல்லாத எந்த மௌத்துச் செய்தியையும் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை என்று ஊரார் பழகிக்கொண்டால், காவல் தானாகவே ஏற்பட்டுவிடும். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற நபிமொழியின் எச்சரிக்கை இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. வென்டிலேட்டரில் வைத்திருப்பவரை மௌத்தாக்கி எழுதிய செய்திகள் எத்தனையோ ஊர்களில் சுற்றியிருக்கின்றன.

வாசகத்தில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். மரணத்தின் காரணம் இல்லை. அது வீட்டாரின் அமானிதம். மய்யித்தின் புகைப்படம் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் எடுத்த படமும் இல்லை. விதவையின் எண்ணோ மகன்களின் எண்ணோ இல்லை. பொறுப்பாளரின் எண் மட்டுமே உண்டு. அன்று முழுவதும் எத்தனை மணிக்கு அடக்கம் என்று நூறு பேருக்கு விடை சொல்லும் வேலையை துக்கத்தில் இருப்பவர்மீது சுமத்தக்கூடாது.

முந்திக்கொண்டு பதிவாகிவிட்டால்

எவ்வளவு கட்டுப்பாடு இருந்தாலும் ஒருவர் எழுதிவிடக்கூடும். அப்போது முதல் சில நிமிடங்களே பயன் தரும். எழுதியவர் அனைவருக்கும் நீங்கும்படி செய்தியை அழிக்க வேண்டும். அவர் கவனிக்காவிட்டால் குழு நிர்வாகியே உறுப்பினரின் செய்தியை அனைவருக்கும் அழிக்க வாட்ஸ்அப்பில் வசதி உண்டு. தமக்கு மட்டும் அழித்துக்கொண்டால் மற்றவர் திரையில் அது அப்படியே இருக்கும். பதற்றத்தில் பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். கூடவே, நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று குழுவின் அமைப்பைச் சிறிது நேரம் மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் செய்தி அழிந்தாலும் அதன் கீழே வரும் "இன்னா லில்லாஹி"களும், யார், எங்கே என்ற கேள்விகளும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஏன் அழித்தீர்கள் என்று குழுவில் விவாதிப்பதும் செய்தியைப் பரப்புவதே ஆகும்.

ஆனால் அழிப்பதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அறிவிப்புப் பட்டையில் ஏற்கெனவே படித்தவர் படித்தவரே. வேறு குழுவுக்குச் சென்ற பிரதி இங்கே அழித்ததால் அங்கே அழியாது. எனவே அழித்தவுடன் செய்யவேண்டிய உண்மையான வேலை, பொறுப்பாளரை அழைத்து, வெளியே போய்விட்டது, பிள்ளைகளிடம் உடனே பேசுங்கள் என்று எச்சரிப்பதே. அது வீட்டாருக்குச் சில நிமிடங்களையாவது மீட்டுத் தரும்.

திசை மாறும்போது

வளைகுடாவில் நம்மவர் ஒருவர் மௌத்தாகும்போது நிலைமை தலைகீழாகிறது. அறைத் தோழர்களும் உடன் பணிபுரிபவர்களும் அறிந்துவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் எதுவும் தெரியாது. அறையில் பத்துப் பேர், ஒவ்வொருவரும் பல குழுக்களில். அங்கே அறையில் மூத்தவர் ஒருவர் உடனே பொறுப்பேற்று, மற்றவர்களை எழுதாதிருக்கச் சொல்லிவிட்டு, இறந்தவரின் மனைவியையோ தாயையோ நேரடியாக அழைக்காமல், ஊர் ஜமாஅத்தின் பொறுப்பாளரையோ குடும்பத்தின் மூத்த ஆணையோ முதலில் அழைக்க வேண்டும். அவர் ஒரு பெண்ணுடன் அந்த வீட்டுக்குச் சென்று சொன்ன பிறகே இங்கும் அங்கும் அறிவிப்பு. உடலை அங்கேயே அடக்குவதா, ஊருக்கு அனுப்புவதா என்பதற்கு வீட்டாரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவைப்படும். ஆகவே குழுவில் நல்லடக்கம் பற்றி எவரும் அவசரப்பட்டு எழுதக்கூடாது.

விபத்துகளில் இது இன்னும் கடுமையாகிறது. இறந்தவர் யார் என்று தெரியவில்லை, உறவினரைக் கண்டுபிடிக்க உதவுங்கள் என்று சிதைந்த முகத்தின் படத்துடன் செய்தி வரும். அதை அனுப்புகிறவரின் நோக்கம் நல்லதே. ஆனால் அந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் அவருடைய தாயாக இருக்கலாம். முகவரி அட்டையில் உள்ள ஊரின் ஜமாஅத்தையோ காவல் நிலையத்தையோ அழைப்பதே உதவி. படத்தைப் பரப்புவது உதவியாகாது.

ஒரு மறுப்புக்கு விடை

விரைவில் சொன்னால் அதிகம் பேர் துஆச் செய்வார்கள், நன்மையைத் தாமதிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மௌத்தானவருக்காகச் செய்யும் துஆ 4.12 மணிக்குச் செய்தாலும் 5.30 மணிக்குச் செய்தாலும் அல்லாஹ்விடம் சேரும். ஆனால் மகள் தந்தையின் மரணத்தை அறிந்த அந்தக் கணம் மீண்டும் வராது. ஜனாஸாவை விரைவுபடுத்தச் சொல்லும் நபிமொழி அடக்கத்தைப் பற்றியது, செய்தியைப் பற்றியதன்று. செய்தி விஷயத்தில், காதில் விழுந்ததை உடனே பரப்பிவிடாமல் பொறுப்புடையோரிடம் கொண்டுசெல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் வழிகாட்டுகிறது. அது போர்க்காலச் செய்திகளைப் பற்றி இறங்கியதானாலும், அதன் ஒழுக்கம் நம் குழுக்களுக்கும் உரியதே.

இன்னொன்றையும் நாம் நமக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் சொன்னவர் என்ற பெயரில் ஒரு சிறு இன்பம் இருக்கிறது. மௌத்துச் செய்தியில்கூட அது தலைகாட்டுகிறது. நிய்யத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எடுத்துக்கொள்ளலாம். மௌத்து அறிவிப்பை மஹல்லாக் குழுவில் செயலாளரோ அவர் நியமிக்கும் ஒருவரோ மட்டுமே பதிவிடுவது. குடும்பப் பொறுப்பாளர் ஒருவர் தம் வாயால், வீட்டில் அனைவருக்கும் சொல்லியாயிற்று என்று கூறிய பின்பே அதைச் செய்வது. அனுமதி வரி இல்லாத செய்தியை நிர்வாகி உடனே அழிப்பது. இம்மூன்றையும் எழுதிக் குழுவின் விவரப் பகுதியில் போட்டுவிடலாம். ஒரு ஜும்ஆவில் இமாம் அவர்கள் அதை விளக்கிவிட்டால் முதியவர்களுக்கும் சென்றடையும். ஒவ்வொரு குடும்பமும், இப்படி ஒரு நாள் வந்தால் பொறுப்பாளர் யார் என்பதை இன்றே பேசிக்கொள்ளலாம். அதைப் பேசுவது அபசகுனம் அன்று. ஒவ்வோர் ஆத்மாவும் மரணத்தைச் சுவைத்தே தீரும் என்பதை நம்புகிறவர்கள் நாம்.

அல்லாஹ் நம்மில் முந்திச் சென்றவர்களை மன்னித்து, அவர்களின் கபுருகளை விசாலமாக்குவானாக. அவர்கள் விட்டுச் சென்றவர்களுக்கு முதல் அதிர்ச்சியிலேயே அழகிய பொறுமையைத் தருவானாக. ஆமீன்.